கடைசியாக வைத்த கட்டைவிரல்

இலுப்பைப் பூ உதிர்கிற மாதத்தில் மைனோ முர்மு பாதித் தூக்கத்திலேயேதான் நடமாடுவாள். வெளிச்சம் வந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு காட்டோரம் போய், மஞ்சளாய்க் கிடக்கும் பூக்களைக் குனிந்து குனிந்து பொறுக்குவாள். அந்த இனிப்பு வாசனை மூக்கில் ஏறி, தலையில் ஏறி, கடைசியில் கண்ணிமையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் பூவைக் காய்ச்சிக் குடித்தால்தான் போதை ஏறும், மைனோவுக்குப் பொறுக்கினாலே ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டு துலாரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கிறக்கத்தில் அவள் பார்ப்பது எப்போதும் ஒரே இடத்தைத்தான். பார்க்கிற திக்கெல்லாம் வெள்ளையாக ஒரு மலை. அதன் இடுப்பில் கறுப்பாக ஒரு சாலை. அந்தச் சாலையில் அவள் மகன் சுனிராம் கையில் மண்வெட்டியோடு நிற்கிறான். லடாக் என்று பெயர் சொல்லிவிட்டுப் போனான். தும்காவில் ரயிலேறி, பிறகு இன்னும் இரண்டு ரயில், பிறகு லாரி. அங்கே பனியை வழித்துச் சாலை போடுகிற வேலை. அவள் பனியைப் பார்த்ததில்லை. அதனால் இலுப்பைப் பூவையே நிறம் மாற்றி மலை முழுக்கக் கொட்டிவைத்திருந்தாள்.

அவன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் இரண்டு மாதம் துலாரியின் போனுக்குக் கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை. இன்னும் மேலே போனால் டவர் கிடையாது என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். மைனோ கவலைப்படவில்லை. அவன் வாயால் பேசாவிட்டால் என்ன, பணத்தால் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

அது எப்படியென்றால், கிளம்புவதற்கு முந்தின சந்தை நாளில் அம்மாவை அழைத்துப் போய் ஒரு புதுக் கணக்கு திறந்து கொடுத்திருந்தான். சந்தையில் குடைக்கடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவன் அவளுடைய ஆதார் அட்டையை வாங்கி, எண்ணைத் தட்டி, சின்னக் கண்ணாடியில் கட்டைவிரலை வைக்கச் சொன்னான். ஒரு தடவை, இன்னொரு தடவை. போனில் எதையோ வாசித்துக் காட்டி, "சம்மதமா?" என்றான். மகன் பக்கத்தில் நிற்கும்போது எதற்குத்தான் சம்மதம் இல்லை! தலையாட்டினாள். நீல நிறத்தில் ஒரு அட்டை வந்தது. சுனிராம் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து அந்தக் கணக்கில் போட்டான்.

"அம்மா, பழைய பேங்க் தூரம். இனிமே நான் அனுப்பறதெல்லாம் இந்த நீலத்துக்குத்தான் வரும். இந்த ஐநூறை மட்டும் தொடாதே. காலியா விட்டா கணக்கு செத்துப்போயிடும்."

பழைய பேங்க் என்றால் பிளாக் ஆபீஸ் இருக்கிற ஊரில் உள்ளது, செங்கல் நிறப் புத்தகம் கொடுத்தது. கல் உடைக்கும் ஆலைத் தூசியில் கணவன் இருமி இருமிப் போன பிறகு, விதவைப் பணம் மாதம் ஆயிரம் அதில்தான் வந்துகொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், சுனிராம் போன அடுத்த மாதமே அது நின்றுபோனது. ஊருக்குள் வருகிற பேங்க் ஆளிடம் பழைய பேங்க் பெயரைச் சொல்லி விரல் வைத்தால், "ஒண்ணுமில்லை" என்று வந்தது. நீலத்தின் பெயரைச் சொல்லி வைத்தால் ஆயிரம் இருந்தது.

சர்க்கார் கைவிட்டது, மகன் கைகொடுத்தான். மைனோவுக்கு இதில் புரியாததற்கு ஒன்றுமே இல்லை. சர்க்கார் என்றால் அப்படித்தான், மகன் என்றால் இப்படித்தான். வருத்தப்படுவதற்குப் பதிலாக அவள் ரகசியமாகப் பெருமைப்பட்டாள்.

பணம் ஒழுங்காக வராது. இரண்டு மாதம் காயும், பிறகு மூவாயிரமாகச் சேர்ந்து விழும். காயும்போது, 'பனி மூடிக்கிடக்கும், பாவம்' என்பாள். சேர்ந்து விழும்போது, 'பாதை திறந்துவிட்டது' என்பாள். மார்கழிக் கடைசியில் வரும் சோஹ்ராய் மாட்டுப் பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு மூவாயிரம் விழுந்தபோது அழுதேவிட்டாள். பண்டிகை ஞாபகம் வைத்திருக்கிறானே! அந்தப் பணத்தில் சிவப்புக் கரை போட்ட பச்சைச் சேலை வாங்கி, மகன் எடுத்துக் கொடுத்தது என்று வீடு வீடாகப் போய்க் காட்டினாள். கன்றுக்குட்டிக்குக்கூடக் காட்டினாள்.

பேங்க் வேலையை ஊருக்குள் வந்து செய்கிற பெண் சல்கி ஹேம்ப்ரம். முன்பு வந்தவன் போய், இரண்டு மாதமாகத்தான் இவள் வருகிறாள். பஞ்சாயத்துக் கட்டடத்தில் நாற்காலி இருக்கிறது, சிக்னல் இல்லை. எதிரே பெரிய இலுப்பை மரத்தடியில் சிக்னல் இருக்கிறது, நாற்காலி இல்லை. சல்கி நாற்காலியை மரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். மடிக்கணினி, விரல் வைக்கும் கருவி, ஒரு பணப்பை. பூ உதிரும் மாதத்தில் கணினி மேல் பூ விழுந்துகொண்டேயிருக்கும், அவள் ஊதிக்கொண்டேயிருப்பாள்.

"எந்த பேங்க், பெரியம்மா?"

"நீலம்."

"எவ்வளவு எடுக்கணும்?"

"என் பையன் போட்ட ஐநூறை விட்டுட்டு மிச்சத்தைக் குடு."

விரலை வைக்கும்போது கண்ணாடிக்குள் சிவப்பு வெளிச்சம் எரியும். மைனோ சற்று அழுத்தியே வைப்பாள். அந்தப் பக்கம், பனிமலையில், இதே போல ஒரு கண்ணாடியில் சுனிராமும் விரலை வைத்திருப்பான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். இரண்டு விரலும் ஒட்டினால்தான் பணம் இந்தப் பக்கம் வரும். யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

"அழுத்தாதீங்க பெரியம்மா, கண்ணாடி உடைஞ்சா என் சம்பளத்துல புடிப்பாங்க" என்பாள் சல்கி.

இந்தக் கதை இப்படியே போயிருக்கும். போகவிடாமல் செய்தவள் துலாரி. வார்டு மெம்பர் ஆனதிலிருந்து அவளுக்குக் கை சும்மா இருப்பதில்லை. யாருக்கு ரேஷன் நின்றது, யாருக்கு வீடு வரவில்லை என்று தேடித் தேடிப் பிடிப்பாள். ஒருநாள் மைனோவைப் பிடித்தாள்.

"நாளைக்குப் பஞ்சாயத்துல கேம்ப். பென்ஷன் ஆபீஸ் பாபு வர்றான். உன் ஆதாரையும் செவப்புப் புஸ்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா."

"எனக்கு எதுக்குடி? என் பையன் தர்றான்."

"உன் பையன் தர்றதுக்கும் சர்க்கார் தர்றதுக்கும் என்னடி சம்பந்தம்? ரெண்டு கையிலயும் வாங்கு. கசக்குதா?"

"கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

"மகாராணி நிக்க வேண்டாம். உக்காரு. நான் கேக்கறேன். அந்தப் பணம் வேணாம்னா எனக்கு எழுதிக் குடுத்துட்டுப் போ, நான் கோழி வாங்கிக்கறேன்."

மறுநாள் மைனோ பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். மகன் இருக்கிற தாய், பிச்சை கேட்க வரவில்லை என்று அந்த பாபுவுக்குத் தெரியட்டும்.

பென்ஷன் பாபு கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். கையில் ஆறிப்போன டீ. ஆதார் எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினார். திரையைப் பார்த்தார். துலாரியைப் பார்த்தார்.

"இது நிக்கவே இல்லையேம்மா. எல்லா மாசமும் போயிருக்கு."

துலாரி இடுப்பில் கை வைத்தாள். "எங்க போயிருக்கு? உங்க வீட்டுக்கா? ஒரு வருஷமா இந்தப் புஸ்தகத்துல சல்லிக்காசு இல்லை."

"கத்தாதீங்கம்மா. படிக்கறேன், கேளுங்க. போன ஏப்ரல், மே, ரெண்டும் தனித்தனியா. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணுக்கும் நிதி வரலை, செப்டம்பர்ல சேத்துப் போட்டிருக்கு. செப்டம்பர் தனியா. அப்புறம் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணும் ஜனவரி ஆறாம் தேதி."

மைனோவுக்குத் தேதி தெரியாது. ஆனால் சோஹ்ராய் எப்போது வந்தது என்று தெரியும். அதற்கு நான்கு நாள் முன்பு எது வந்தது என்றும் தெரியும். பாபு பேசி முடிக்கும் முன்பே அவள் மேஜையை நெருங்கி வந்தாள்.

"எந்த பேங்க்குக்கு?" என்றாள்.

பாபு பெயரைச் சொன்னார். நீலத்தின் பெயர். கணக்கின் கடைசி நான்கு எண்ணையும் சொன்னார். துலாரி மைனோவின் சுருக்குப்பையிலிருந்து நீல அட்டையை உருவி ஒப்பிட்டுப் பார்த்தாள். நான்கும் ஒன்றாக இருந்தன.

"பாத்தியா! பணம் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு! மண்டு, ஒரு வருஷமா வாங்கித் தின்னுக்கிட்டே..." என்று சந்தோஷமாக ஆரம்பித்த துலாரி, மைனோவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். துலாரி பாதிப் பேச்சில் நிறுத்தியது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை.

மரத்தடிக்கு அவளை நடத்திக்கொண்டு போனார்கள். சல்கி மற்றவர்களை அப்புறம் வரச் சொல்லிவிட்டு, தன் நாற்காலியில் மைனோவை உட்காரவைத்தாள். விரலை வைக்கச் சொல்லி, நீலக் கணக்கில் கடைசியாக நடந்த வரவு செலவைத் திரையில் வரவழைத்தாள். எல்லா வரவும் ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி எழுத்தோடு வந்திருந்தது. எங்கேயும் மனுஷன் பெயர் இல்லை.

"அப்போ சர்க்கார் எப்படி என் நீலத்தைக் கண்டுபிடிச்சான்? நான் செவப்புப் புஸ்தகத்தைத்தானே எழுதிக் குடுத்தேன்?"

சல்கி கணினி மேல் விழுந்த பூவை ஊதாமல் கையால் எடுத்து ஓரமாக வைத்தாள். "பெரியம்மா, இந்தப் பணம் புஸ்தக நம்பரைப் பாத்து வர்றதில்லை. உங்க ஆதார் நம்பரைப் பாத்து வருது. டெல்லிக்காரன் ஆதார் நம்பரை மட்டும் போட்டுத்தான் பணம் அனுப்புவான். நடுவுல ஒரு பட்டியல் இருக்கு. இந்த ஆதாருக்கு இந்த பேங்க்னு அதுல எழுதியிருக்கும். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு பேங்க்தான். உங்களுக்கு நாலு கணக்கு இருந்தாலும் சரி."

"எந்த ஒண்ணு?"

"கடைசியா எங்க சம்மதம் குடுத்து சேத்தீங்களோ, அது. புதுசு வந்தா பழசை அழிச்சுட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். சந்தையில நீலக் கணக்கு தொறந்தீங்கல்ல, அப்போ சம்மதம்னு தலையாட்டியிருப்பீங்க. அன்னைக்கே பாதை மாறிடுச்சு. பணம் ஒரு மாசம்கூட நிக்கலை. வீடு மாத்திக்கிச்சு, அவ்வளவுதான்."

"அப்போ என் பையன் அனுப்பினது?"

சல்கி துலாரியைப் பார்த்தாள். துலாரி மரத்தைப் பார்த்தாள். எவளாவது ஒருத்தி சொல்லித்தானே ஆகவேண்டும்.

"அவர் அனுப்பினது எதுவும் இதுல இல்லை, பெரியம்மா."

இலுப்பைப் பூ உதிர்ந்துகொண்டேயிருந்தது. தலையில், பச்சைச் சேலையில், மடியில். மைனோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பனிமலை அவள் கண்முன்னால்தான் இன்னும் இருந்தது, சாலையும் இருந்தது. சாலையில் ஆளைத்தான் காணோம். எப்போதிலிருந்து காணோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக வெறும் சாலையைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மகன் பணம் அனுப்பவில்லை என்று அவள் அழுவாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் அழுதது வேறு ஒன்றுக்கு.

"நான் தேடவே இல்லையேடி துலாரி! பணம் வருது, நல்லா இருக்கான்னு தூங்கிட்டேனே! அவன் எங்க கெடக்கானோ, கீழ விழுந்தானோ, பனியில பொதைஞ்சானோ... ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேக்கலையே! சேலை வாங்கிக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே!"

துலாரி தரையில் உட்கார்ந்து அவள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள்.

மைனோ முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவளுடைய கிறக்கமெல்லாம் வடிந்திருந்தது. "எழுந்திரு. லுக்கின் வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

லுக்கின் என்பவன் மேட். ஆட்களைச் சேர்த்து லடாக்குக்குக் கூட்டிப் போகிறவன். கூரையில் புதுத் தகரம், வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள். அடுத்த தடவைக்கு ஆள் சேர்க்க ஊருக்கு வந்திருந்தான். இவர்களைக் கண்டதும் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்திருக்காமலே கும்பிட்டான்.

"சுனிராமா? அவன் அக்டோபர்லயே கேம்ப்பை விட்டு ஓடிட்டானே சித்தி. உங்களுக்குத் தெரியும்னு நெனைச்சேன்."

"யாரு சொல்லித் தெரியும்? நீ சொன்னியா?"

"சண்டை போட்டான். கூலி குறையுதுன்னான். ஒருநாள் காலையில பாத்தா ஆளைக் காணோம். நான் என்ன, இடுப்புல கட்டிக்கிட்டா திரிய முடியும்?"

"கூலி அவன் கணக்குக்குத்தானே வரும்? எப்படிக் குறையும்?" என்றாள் துலாரி.

"கணக்குக்குத்தான் வரும். ஏ.டி.எம். கார்டு என்கிட்ட இருக்கு, பத்திரமா. எல்லார் கார்டும் என்கிட்டதான். வழக்கம் அதுதான்."

"பத்திரமா!" துலாரிக்குத் தன் குரல் திரும்பக் கிடைத்துவிட்டது. "பேரு அவன் பேரு, விரல் அவன் விரல், கார்டு மட்டும் உன் டிரங்குப் பெட்டியில. நல்ல வழக்கம்டா! நாளைக்கு தும்கா லேபர் ஆபீசுக்குப் போறேன். எல்லார் கார்டையும் மாலையா கட்டி உன் கழுத்துல போட்டுக்கிட்டு அங்க வந்து நில்லு. போட்டோ எடுக்கணும்."

லுக்கின் இப்போது எழுந்துவிட்டான். உள்ளே போய் கார்டைக் கொண்டுவந்து மைனோவின் கையில் வைத்தான். கேட்காமலே, சுனிராமோடு கூடவே ஓடிப்போன ஒருவனின் பெயரையும் அவன் ஊரையும் சொன்னான். மைனோ கார்டை வாங்கிக்கொண்டாள், அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுக்குக் கோபமெல்லாம் தன் மேலேயே இருந்தது.

லேபர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். அந்தக் கூட்டாளியின் ஊருக்கு டெம்போவில் போனார்கள். அவனும் திரும்பியிருக்கவில்லை. அவன் தங்கையிடம் சல்கியின் போன் நம்பரைக் கொடுத்து, அண்ணன் எப்போது கூப்பிட்டாலும் சுனிராமைப் பற்றிக் கேட்கச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு மைனோ செய்த காரியம் சல்கிக்கே புரியவில்லை. பென்ஷனைத் திரும்பச் சிவப்புப் புத்தகத்துக்கு மாற்றித் தா என்றாள்.

"எதுக்கு பெரியம்மா? நீலத்துல நல்லாத்தானே வருது. அந்தக் கணக்கும் உங்களுதுதான். மாத்தணும்னா பிளாக் பேங்க்குக்குப் போகணும், ஃபாரம் எழுதணும், கொஞ்ச நாள் ஆகும். வீண் அலைச்சல்."

"சர்க்கார் பணம் பழைய வீட்டுக்கே போகட்டும். இந்த வீடு என் பையன் கட்டினது. அவனுதைத் தவிர இதுல ஒண்ணும் வரக்கூடாது. கலந்து கலந்துதானே நான் ஏமாந்தேன்?"

சல்கி நீலத்தின் இருப்பைப் பார்த்தாள். "ஐநூத்துப் பதினாலு இருக்கு."

"ஐநூறு அவன் போட்டது. பதினாலு யாரு போட்டா?"

"யாரும் போடலை. பணம் சும்மா கெடந்தா பேங்க்காரன் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் வட்டி போடுவான்."

"சும்மா கெடந்ததுக்கா?"

"சும்மா கெடந்ததுக்கு."

"சரி, கெடக்கட்டும்" என்றாள் மைனோ.

பிளாக் பேங்க்கில் ஒரு பெண் ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தாள். அரசுப் பணம் இனி இந்தக் கணக்குக்கே வரட்டும், ஆதாரை அந்த பேங்க்கிலிருந்து இங்கே மாற்றுங்கள் என்று அதில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில், இதுவரை பணம் போன பேங்க் என்று அந்தப் பெண் நீலத்தின் பெயரை எழுதினாள். மைனோ நிறுத்தினாள்.

"அதை மூடிடுவீங்களா?"

"இல்லைம்மா. இது பட்டியலை மட்டும்தான் மாத்தும். அந்தக் கணக்கு அப்படியே இருக்கும். அதோட நம்பரைப் போட்டு யாராவது அனுப்பினா அதுக்கே போகும்."

"யாராவது" என்று மைனோ தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள். இந்தத் தடவை எதற்குச் சம்மதம் என்று முழுக்கத் தெரிந்து வைத்தாள்.

இலுப்பைக் காலம் முடிந்தது. மழை வந்தது. நாற்று நட்டார்கள். ஆனி மாதத்தில் பென்ஷன் இரண்டாயிரம் சிவப்புப் புத்தகத்தில் வந்து விழுந்தது. மைனோ எடுத்துக்கொண்டாள், அதில் உப்பும் எண்ணெயும் வாங்கினாள். அதற்காக அழவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. சந்தை நாள் தவறாமல் மரத்தடிக்கு வந்து நீலத்தின் இருப்பை மட்டும் கேட்பாள். ஐநூத்துப் பதினாலு. மறு வாரம் ஐநூத்துப் பதினாலு. இப்போதெல்லாம் விரலை அழுத்துவதில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு எதற்கு அழுத்துவது? ஆனாலும் வைப்பாள்.

ஜூலை மாதம் ஒரு சந்தை நாள். தூறல். சல்கி கணினிக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்தாள். இருப்பைப் பார்த்தவள், "ஐநூத்துப் பதினேழு பெரியம்மா. மூணு ரூபா ஏறியிருக்கு" என்றாள்.

மைனோ என்னமோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது சல்கியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தவள் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து, போனை மைனோவின் காதில் வைத்தாள். குடை சாய்ந்தது.

இரைச்சல். காற்று. பிறகு, "அம்மா" என்று ஒரு குரல்.

மைனோ போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தக் குரலே பேசிற்று. ஆப்பிள் தோட்டத்தில் இருக்கிறானாம், சிம்லாவுக்கு மேலே. லாரியிலிருந்து இறங்கும்போது கால் முறிந்து நான்கு மாதம் படுக்கையாம். போன் தொலைந்ததாம். இந்த நம்பர் கூட்டாளியின் தங்கை கொடுத்ததாம். அதெல்லாம் ஒரு காரணமில்லை என்று அவனே சொன்னான்.

"வெறுங்கையோட எப்படிம்மா கூப்பிடறது? அனுப்பறேன்னு சொல்லிக் கணக்கெல்லாம் தொறந்து குடுத்துட்டு வந்தேன். ஒரு வருஷமா ஒத்தை ரூபா அனுப்பலை. நீ அந்த நீலக் கார்டை எடுத்துக்கிட்டுப் போயி போயிப் பாத்திருப்ப. ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கும். அதை நெனைச்சா..."

அவன் அழுவது கேட்டது. மழை கொஞ்சம் வலுத்தது. சல்கி குடையைக் கணினிக்குப் பதிலாக மைனோவின் தலைக்குப் பிடித்தாள்.

"யாரு சொன்னா ஒண்ணுமில்லைன்னு?" என்றாள் மைனோ. "நீ போட்ட ஐநூறு அப்படியே இருக்கு. நீ சொன்ன மாதிரி நான் தொடலை. அதுவா வளந்து ஐநூத்துப் பதினேழு ஆயிருக்கு. இப்போதான் பாத்தேன்."

சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்பானே, அந்தக் குரலில் கேட்டான். "அப்போ கணக்கு சாகலையாம்மா?"

"சாகலைடா. கணக்கை விடு. நீ நல்லா இருக்கியா? அதைச் சொல்லு முதல்ல."

"இருக்கேன்மா" என்றான் சுனிராம். "இருக்கேன்."